வெண்பாவை அலகிட்டபின் தளையை வைத்துச் சரிபார்ப்பது எப்படி?

கேள்வி: அடுத்த வாரம் தமிழ் இலக்கியத் தேர்வு. "அன்பின் வழியது உயிர்நிலை" என்ற குறளை அலகிட்டு வாய்பாடு எழுதினேன். எல்லாம் சரி என்றுதான் நினைத்தேன். ஆனால் தளை பார்த்தால் இரண்டாம் சீரிலேயே தட்டுகிறது. வள்ளுவர் தளை தட்ட எழுதியிருக்க மாட்டார், எனவே தவறு என்னுடையதுதான். எங்கே தவறினேன்? எதுகை, மோனையின் பெயர்களையும் குழப்பாமல் எழுத வழி உண்டா?

பதில்:

தளை பார்த்தீர்களே, அதுவே பாதி வேலை. தாள் திருத்திய காலத்தில் நான் கண்டவரை, பெரும்பாலோர் வாய்பாட்டை எழுதியதோடு பேனாவை மூடிவிடுவார்கள். வெண்பா மட்டும் விடையைத் தானே சரிபார்க்கும் வசதியைத் தருகிறது. அதைப் பயன்படுத்தாமல் விடுவது, கணக்கைப் போட்டுவிட்டுக் கூட்டிப் பார்க்காமல் எழுந்து போவது போன்றது.

நீங்கள் அலகிட்டது இப்படித்தான் இருந்திருக்கும்: அன்/பின் – தேமா. வழி/யது – கருவிளம். உயிர்/நிலை – கருவிளம். அசை பிரித்ததில் தவறே இல்லை. ஆனால் வெண்பாவில் மூன்று சேர்க்கைகளுக்குத்தான் இடம் உண்டு. மாவில் முடியும் சீரை அடுத்து நிரை வர வேண்டும். விளத்தை அடுத்து நேர் வர வேண்டும். காயை அடுத்தும் நேர்தான் வர வேண்டும். முதல் இரண்டும் இயற்சீர் வெண்டளை, மூன்றாவது வெண்சீர் வெண்டளை. நீங்கள் எழுதியபடி "வழியது" விளத்தில் முடிகிறது, அடுத்த "உயிர்" நிரையாகத் தொடங்குகிறது. விளம் முன் நிரை வந்தால் அது ஆசிரியத்தளை. வெண்பாவில் அதற்கு இடமில்லை.

தவறு உங்களுடையதும் அன்று, வள்ளுவருடையதும் அன்று. அச்சிட்டவர் படிப்பவருக்கு எளிதாக இருக்கட்டும் என்று சந்தியைப் பிரித்துவிட்டார். "வழியது" என்பதன் கடைசியில் இருப்பது குற்றியலுகரம். அடுத்து உயிரெழுத்து வந்தால் அந்த உகரம் நிற்காது. "உயிர்வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும்" என்ற நன்னூல் அடியை நீங்கள் புணர்ச்சிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். யாப்புப் பாடம் வரும்போது அதை மறந்துவிடுகிறோம், அவ்வளவுதான். உகரம் ஓடியதும் மிஞ்சிய தகர மெய் அடுத்த சொல்லின் உகரத்தோடு சேர்ந்து "து" ஆகிறது. பழைய பதிப்புகளில் "அன்பின் வழிய துயிர்நிலை" என்றே இருக்கும். இப்போது அலகிட்டுப் பாருங்கள். வழி/ய – நிரை நேர், புளிமா. துயிர்/நிலை – நிரை நிரை, கருவிளம். மா முன் நிரை வந்துவிட்டது.

குறள் முழுவதும் இப்படி வரும்:

அன்பின் – அன்/பின் – நேர் நேர் – தேமா
வழிய – வழி/ய – நிரை நேர் – புளிமா
துயிர்நிலை – துயிர்/நிலை – நிரை நிரை – கருவிளம்
அஃதிலார்க்கு – அஃ/திலார்க்/கு – நேர் நிரை நேர் – கூவிளங்காய்
என்புதோல் – என்/புதோல் – நேர் நிரை – கூவிளம்
போர்த்த – போர்த்/த – நேர் நேர் – தேமா
உடம்பு – உடம்/பு – நிரைபு – பிறப்பு

தளையை ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள். தேமாவை அடுத்து "வழி", நிரை. புளிமாவை அடுத்து "துயிர்", நிரை. கருவிளத்தை அடுத்து "அஃ", நேர். கூவிளங்காயை அடுத்து "என்", நேர். இங்கே பலர் தடுக்கி விழுவார்கள். முதலடி முடிந்தது, இரண்டாம் அடி புதிதாகத் தொடங்குகிறது என்று நினைத்து அந்த இணைப்பைப் பார்க்காமல் தாண்டிவிடுவார்கள். தளைக்கு அடி எல்லை கிடையாது. முதலடியின் நான்காம் சீரும் இரண்டாம் அடியின் முதற்சீரும் பொருந்தியே ஆக வேண்டும். பிறகு கூவிளத்தை அடுத்து "போர்த்", நேர். தேமாவை அடுத்து "உடம்", நிரை. ஏழு சீர்களுக்கு ஆறு இணைப்புகள், ஆறும் சரி.

"அஃதிலார்க்கு என்புதோல்" என்ற இடத்திலும் குற்றியலுகரத்தை அடுத்து உயிர் வருகிறதே, அதை மட்டும் ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். சேர்க்கலாம். பழைய முறையில் "அஃதிலார்க் கென்புதோல்" என்று வரும். அப்போது அஃ/திலார்க் கூவிளம், கென்/புதோல் கூவிளம். விளம் முன் நேர், தளை சரி. சேர்க்காவிட்டாலும் காய் முன் நேர், தளை சரி. இரண்டுக்கும் இடம் கொடுக்கும் இடங்கள் குறளில் நிறைய உண்டு. தேர்வுக்கு என் வழி இதுதான்: அச்சில் இருப்பதை அப்படியே அலகிடுங்கள், எங்கே தளை தட்டுகிறதோ அங்கே மட்டும் சந்தியைச் சேருங்கள். வினாத்தாளில் உள்ள வடிவத்தை முழுவதுமாக மாற்றி எழுதினால், திருத்துபவர் ஒவ்வொரு சீரையும் தேட வேண்டியிருக்கும்.

ஆய்த எழுத்தைப் பற்றி ஒரு சொல். அலகிடும்போது அது மெய்யெழுத்தைப் போலத்தான். "அஃ" என்பது குறிலும் ஒற்றும் சேர்ந்த நேர். இரண்டு ஒற்று அடுத்தடுத்து வந்தாலும் கவலை வேண்டாம். "போர்த்த" என்பதில் ர், த் இரண்டும் முன்னுள்ள நெடிலோடு போய்விடும். ஒற்று எத்தனை வந்தாலும் அது முன் அசையின் வால், புது அசைக்குத் தலை ஆகாது.

இனித் தளையால் பிடிக்க முடியாத ஒரு தவறு. "என்புதோல்" என்பதை என்/பு/தோல் என்று பிரித்துத் தேமாங்காய் என்று எழுதுபவர்கள் ஏராளம். எலும்பைக் குறிக்கும் "என்பு" ஒரு சொல், "தோல்" ஒரு சொல், எனவே அந்த இடத்தில் வெட்டிவிடுகிறார்கள். தளை பார்த்தால் காய் முன் நேர், "போர்த்த" பொருந்திவிடும்! சரிபார்த்தும் தவறு தப்பித்துவிடுகிறது. அசைக்குச் சொல்லின் எல்லை தெரியாது, சீரின் எல்லை மட்டுமே தெரியும். "பு" குறில், அடுத்து "தோ" நெடில், இரண்டும் ஒரே சீருக்குள் இருக்கின்றன. எனவே அவை குறில்நெடிலாக இணைந்து நிரையாகத்தான் வேண்டும். இதைப் பிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. தனிக்குறில் ஒன்று நேரசையாக நின்றால், அது சீரின் கடைசி எழுத்தாக மட்டுமே இருக்க முடியும். "வழி/ய" என்பதில் "ய" அப்படி நிற்கிறது. சீரின் தொடக்கத்திலோ நடுவிலோ ஒற்றில்லாமல் ஒரு குறிலைத் தனியாக நிறுத்தியிருந்தால், அடுத்த எழுத்தோடு சேர்க்க மறந்துவிட்டீர்கள் என்று பொருள்.

வெண்பாவில் கனிச்சீர் வராது. நிரை அசையில் முடியும் மூவசைச் சீர் உங்கள் அட்டவணையில் வந்துவிட்டால், தளை பார்க்கவே வேண்டாம், எங்கோ பிரிப்பு தவறியிருக்கிறது.

கடைசிச் சீரை மட்டும் வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். "உடம்பு" என்பதை நிரை நேர், புளிமா என்று எழுதினால் மதிப்பெண் போகும். வெண்பாவின் ஈற்றுச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகள்தான். நேர் மட்டும் என்றால் நாள். நிரை மட்டும் என்றால் மலர். நேரோடு கடைசியில் ஓர் உகரம் ஒட்டினால் காசு, நிரையோடு ஒட்டினால் பிறப்பு. முதற்குறளின் "உலகு" என்பதை உ/லகு என்று வெட்டி "மலர்" என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இடமிருந்து வலமாகத்தான் அசை பிரிக்க வேண்டும். உ, ல இரண்டும் குறிலிணையாக நிரை, "கு" ஒட்டிய உகரம். எனவே பிறப்பு.

உங்களுக்கு நேர்ந்த அதே சிக்கல் 661-ஆம் குறளிலும் உண்டு, பழகிப் பாருங்கள். "வினைத்திட்பம் என்பது ஒருவன் மனத்திட்பம் / மற்றைய எல்லாம் பிற." என்/பது கூவிளம், அடுத்து "ஒரு" நிரை, தளை தட்டுகிறது. "என்ப தொருவன்" என்று சேர்த்தால் தேமா, புளிமா, தளை சரி. இந்தக் குறளில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. "மற்றைய" என்பதில் "றை" நெடிலா, குறிலா? ஐகாரம் சொல்லின் முதலில் நிற்கும்போது நெடிலாக இருக்கும். இடையிலும் கடையிலும் குறுகி ஒலிக்கும் என்பதால் அலகிடும்போது குறிலாகக் கொள்வது வழக்கம். ஆகவே மற்/றைய, கூவிளம். நெடிலாக எடுத்தால் மற்/றை/ய, தேமாங்காய். விளத்தையோ காயையோ அடுத்து "எல்" நேர்தான், இரண்டிலும் தளை தட்டாது. தளை காப்பாற்றாத இடங்களில் இதுவும் ஒன்று. ஐகாரக்குறுக்கத்தை நினைவில் வைத்துக் கூவிளம் என்றே எழுதுங்கள்.

சேர்ப்பதால் சரியாகும் இடங்களைப் பார்த்தோம். சொல்லை உடைத்தால்தான் சரியாகும் இடங்களும் உண்டு. 66-ஆம் குறள்: "குழல்இனிது யாழ்இனிது என்பதம் மக்கள் / மழலைச்சொல் கேளா தவர்." பொருளுக்குப் பிரித்தால் "என்ப தம் மக்கள்" என்பதுதான். தம் மக்களின் மழலையைக் கேளாதவர் குழலும் யாழும் இனிது என்பார்கள். ஆனால் "தம்மக்கள்" என்று ஒரு சீராக வைத்தால், "என்ப" தேமா, அடுத்து "தம்" நேர், மா முன் நேர் வந்து தளை தட்டுகிறது. "தம்" என்பதை முந்திய சீரோடு சேர்த்தால் என்/பதம் கூவிளம், மக்/கள் தேமா, அடுத்த அடியில் "மழ" நிரை. எல்லாம் பொருந்துகிறது. இப்படிப் பொருளுக்கு ஏற்பப் பிரிக்காமல் ஓசைக்கு ஏற்பச் சீரைப் பிரிப்பதற்கு வகையுளி என்று பெயர். உரை எழுதும் வினாவில் "என்ப" தனி, அலகிடும் வினாவில் "என்பதம்" ஒரு சீர். ஒரே தாளில் இரண்டையும் எழுத நேர்ந்தாலும் முரண்பாடு இல்லை.

இதே குறளைப் பழைய பதிப்பில் "குழலினி தியாழினி" என்று பார்த்தால் திகைக்க வேண்டாம். "இனிது" என்பதன் குற்றியலுகரம், அடுத்து யகரம் வந்ததால் குற்றியலிகரமாகத் திரிந்திருக்கிறது. அந்தத் "தி" அலகு பெறாது. கணக்கில் எடுத்தால் தியா/ழினி என்று கருவிளமாகி, முன்னுள்ள "குழலினி" என்ற கருவிளத்தோடு தளை தட்டும். விட்டுவிட்டால் யா/ழினி கூவிளம், விளம் முன் நேர். "குற்றியலிகரம் அலகு பெறாது" என்ற விதி எதற்காக என்று இந்த ஓர் இடத்தைப் பார்த்தாலே விளங்கிவிடும். பிரித்து அச்சிட்ட வடிவம் வினாத்தாளில் வந்தால் இந்தத் தொல்லையே இல்லை. கருவிளங்காய், கூவிளங்காய் என்று காயாகவே வந்து தளை பொருந்திவிடும்.

எதுகை, மோனைக்கு வருவோம். முதலில் அடிக்கு அடி பார்ப்பது வேறு, ஓர் அடிக்குள் சீருக்குச் சீர் பார்ப்பது வேறு. வினா எதைக் கேட்கிறது என்று பாருங்கள். உங்கள் குறளில் "அன்பின்", "என்புதோல்" என்று இரண்டு அடிகளின் முதற்சீர்களிலும் இரண்டாம் எழுத்து "ன்". இது அடியெதுகை. முதலடிக்குள் பார்த்தால் முதற்சீர் "அன்பின்", நான்காம் சீர் "அஃதிலார்க்கு", இரண்டும் அகரத்தில் தொடங்குகின்றன. ஒன்றிலும் நான்கிலும் வந்ததால் ஒரூஉ மோனை. நடுவிலுள்ள "உயிர்நிலை" மோனைக்குச் சேராது, உகரம் அகரத்துக்கு இனம் அன்று. மோனை பார்க்கும்போது மட்டும் சொல்லைப் பிரித்த வடிவிலேயே பார்ப்பது நல்லது. சந்தி சேர்த்த "துயிர்நிலை"யை எடுத்துக்கொண்டு தகரத்துக்கு மோனை தேடினால் வழி தவறிவிடும்.

பெயர்களைப் படிக்க ஒரே குறள் போதும், 391. "கற்க கசடறக் கற்பவை கற்றபின் / நிற்க அதற்குத் தக." முதலடியின் நான்கு சீர்களும் "க"வில் தொடங்குகின்றன, முற்று மோனை. இரண்டாம் எழுத்துகளை மட்டும் வரிசையாக எழுதுங்கள்: ற், ச, ற், ற். முதல், மூன்றாம், நான்காம் சீர்கள் ஒன்றுகின்றன, இரண்டாம் சீர் விலகி நிற்கிறது. இது மேற்கதுவாய் எதுகை. மூன்றாம் சீர் விலகி ஒன்று, இரண்டு, நான்கு ஒன்றினால் கீழ்க்கதுவாய். இந்த இரண்டைத்தான் எல்லாரும் மாற்றி எழுதுவார்கள். நான் வைத்துக்கொண்ட வழி, விலகி நிற்கும் சீரைப் பார்ப்பது: அடியின் மேல்பக்கத்தில் உள்ள இரண்டாம் சீர் விடுபட்டால் மேல், கீழ்ப்பக்கத்தில் உள்ள மூன்றாம் சீர் விடுபட்டால் கீழ். மற்றவை எளிது. ஒன்றும் இரண்டும் இணை, ஒன்றும் மூன்றும் பொழிப்பு, முதல் மூன்றும் கூழை. ஏழு பெயர்களிலும் முதற்சீர் கட்டாயம் உண்டு என்பதைக் கவனியுங்கள். இரண்டும் மூன்றும் மட்டும் ஒன்றினால் இந்த ஏழில் அதற்குப் பெயரில்லை. பெயர் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

இந்தக் குறளின் அலகு: தேமா, கருவிளம், கூவிளம், கூவிளம், தேமா, புளிமா, மலர். விடையைப் பார்க்காமல் தளையை நீங்களே ஓட்டிப் பாருங்கள்.

எதுகையில் இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது, முதலெழுத்துகளின் அளவும் ஒத்திருக்க வேண்டும். "பட்டு" என்பதற்கு "கட்டு" எதுகை, "பாட்டு" எதுகை ஆகாது. முன்னது குறில், பின்னது நெடில். திரைப்பாட்டுக் காதுக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்கும், இலக்கண விடையில் அது செல்லாது. மறுபக்கம், எழுத்து வேறாக இருந்தும் எதுகையாக ஏற்கப்படுவதும் உண்டு. 114-ஆம் குறளில் முதலடி "தக்கார்", இரண்டாம் அடி "எச்சத்தாற்". க், ச் இரண்டும் வல்லினம் என்பதால் இதை வல்லின எதுகை என்பார்கள். அதே எழுத்து வராததைக் கண்டு "எதுகை இல்லை" என்று எழுதிவிடாதீர்கள், இனம் ஒக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

நான்கடி வெண்பா கேட்டால் கூடுதலாக ஓரிடத்தைப் பார்க்க வேண்டும், இரண்டாம் அடியின் நான்காம் சீர். ஔவையாரின் மூதுரைப் பாடல் ஒன்று:

நன்றி ஒருவர்க்குச் செய்தக்கால் அந்நன்றி
என்று தருங்கொல் எனவேண்டா – நின்று

கோட்டுக்குப் பின் தனியாக நிற்கும் "நின்று" தனிச்சீர். நன்றி, என்று, நின்று மூன்றிலும் இரண்டாம் எழுத்து "ன்". இப்படி முதலிரண்டு அடிகளின் எதுகையைத் தனிச்சீரும் பெற்றிருப்பது நேரிசை வெண்பாவின் அடையாளம். இதற்கும் தளை உண்டு. "எனவேண்டா" என/வேண்/டா, புளிமாங்காய், அடுத்து "நின்" நேர். அச்சில் கோடு போட்டிருப்பதால் தளை அறுந்துவிடாது. மூன்றாம் அடி "தளரா" என்றும் நான்காம் அடி "தலையாலே" என்றும் தொடங்குகின்றன. முன்னிரண்டு அடிகளின் "ன்" இங்கே இல்லை, எதுகை மாறிவிட்டது. எனவே இது இரு விகற்ப நேரிசை வெண்பா. இந்த இரண்டு அடிகளுக்கும் தகர மோனை வெளிப்படை. ளகரமும் லகரமும் இடையினம் என்பதால் இன எதுகையாகவும் கொள்ளலாம்.